இரண்டு கட்ட டிவிடெண்ட் டிஸ்கவுண்ட் மாடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வளர்ச்சி விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் போதாதா? எதற்கு இரண்டு கட்டம்?

ஒரே வளர்ச்சி விகிதத்துக்கான சூத்திரம் மிக எளியது. அடுத்த வருட டிவிடெண்டை, நாம் எதிர்பார்க்கும் வருமானத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் பங்கின் மதிப்பு கிடைத்துவிடும். கார்டன் மாடல் என்று சொல்வது இதைத்தான்.

```
P0 = D1 / (r - g)
```

இப்போது வருடம் 15% வளரும் ஒரு கம்பெனியை இதில் போட்டுப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் வருமானம் 12% என்றால், கீழே வருவது மைனஸ் 3%. விடை மைனஸில் வருகிறது, அதற்கு அர்த்தமே இல்லை. சூத்திரத்தில் தவறில்லை. "இந்த வளர்ச்சி என்றென்றும் தொடரும்" என்று நாம் அதற்குச் சொல்லிவிட்டோம், அவ்வளவுதான். நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு கம்பெனி காலம் முழுக்க வளர்ந்தால், ஒரு நாள் அது அந்தப் பொருளாதாரத்தைவிடப் பெரிதாகிவிட வேண்டும். அது நடக்காது.

அதனால் காலத்தை இரண்டாக வெட்டுகிறோம். முதல் சில வருடங்களுக்கு டிவிடெண்டை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டு வருகிறோம். வளர்ச்சி நிதானமான பிறகு வரும் காலம் முழுவதற்கும் கார்டன் சூத்திரத்தைப் போட்டு, வரும் தொகையையும் இன்றைக்கு இழுத்து வருகிறோம்.

ஒரு கம்பெனியை எடுத்து முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

கற்பனையான ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். போன வருடம் ஒரு பங்குக்கு லாபம் 25 ரூபாய். அதில் 40% டிவிடெண்ட், அதாவது 10 ரூபாய். மீதி 60% தொழிலிலேயே திரும்பப் போடப்படுகிறது. அப்படிப் போட்ட பணத்துக்குக் கம்பெனி 25% சம்பாதிக்கிறது (இதைத்தான் ஆர்.ஓ.இ. என்கிறோம்). 60%-ஐ 25%-ஆல் பெருக்கினால் 15%. அதுதான் வளர்ச்சி. இந்தப் பெருக்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

இந்த வேகம் 5 வருடம் நீடிக்கும் என்று வைப்போம். நமக்கு வேண்டிய வருமானம் 12%. முதல் கட்டம் இப்படி வரும்:

| வருடம் | லாபம் (ரூ.) | டிவிடெண்ட் (ரூ.) | இன்றைய மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|
| 1 | 28.75 | 11.50 | 10.27 |
| 2 | 33.06 | 13.23 | 10.54 |
| 3 | 38.02 | 15.21 | 10.83 |
| 4 | 43.73 | 17.49 | 11.12 |
| 5 | 50.28 | 20.11 | 11.41 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் சுமார் 54.16 ரூபாய். டிவிடெண்ட் 12%-ஐவிட வேகமாக வளர்வதால், தள்ளிப் போகப் போக இன்றைய மதிப்பு குறையாமல் கூடிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள்.

ஆறாம் வருடத்திலிருந்து வளர்ச்சி 6%. போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள், புதிதாகப் போடும் பணத்துக்கு இனி 15%தான் கிடைக்கும் என்று வைப்போம். 6% வளர, லாபத்தில் எவ்வளவைத் திரும்பப் போட வேண்டும்? 6-ஐ 15-ஆல் வகுத்தால் 40%. ஆக, 60% டிவிடெண்டாகக் கொடுத்துவிடலாம். ஆறாம் வருட லாபம் 53.30 ரூபாய், டிவிடெண்ட் 31.98 ரூபாய்.

```
P5 = 31.98 / (0.12 - 0.06) = 533.01
533.01 / 1.12^5 = 302.44
P0 = 54.16 + 302.44 = 356.60
```

பங்கின் மதிப்பு சுமார் 357 ரூபாய்.

ஐந்தாம் வருடம் 20 ரூபாயாக இருந்த டிவிடெண்ட் ஆறாம் வருடம் ஏன் ஒரேயடியாக 32 ஆகிறது? 6% கூட்டினால் 21.32 தானே வர வேண்டும்?

இந்த மாடலைப் போடுபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். நானும் பல நாள் 21.32 என்றுதான் போட்டுக்கொண்டிருந்தேன். விடை எப்போதும் குறைவாக வரும், நல்ல கம்பெனிகளெல்லாம் விலை அதிகம் என்று தோன்றும். காரணம் புரிய வெகுநாள் ஆயிற்று.

21.32 என்று போட்டால் நீங்கள் சொல்வது என்ன? கம்பெனி லாபத்தில் இன்னும் 60%-ஐத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் வளர்ச்சி 6%தான். 6-ஐ 60%-ஆல் வகுத்தால் 10%. அதாவது புதிதாகப் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10% மட்டும் கிடைக்கிறது, பங்குதாரர் கேட்பது 12%. நஷ்டம் என்று தெரிந்தும் நிர்வாகம் காலம் முழுக்கப் பணத்தை உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் கணக்கில் ஐந்தாம் வருட முடிவு மதிப்பு 533-க்குப் பதில் 355 ஆகிறது, இன்றைய மதிப்பு 256 ரூபாய். ஒரே ஒரு செல்லில் வந்த தவறுக்கு 100 ரூபாய் வித்தியாசம்.

நிஜத்திலும் இப்படித்தான் நடக்கிறது. வேகமாக வளரும்போது தொழிற்சாலை, கடை, சரக்கு என்று பணம் தேவைப்படுவதால் டிவிடெண்ட் குறைவாக இருக்கும். விரிவாக்கம் நின்றதும் அந்தப் பணத்துக்கு வேலை இல்லை, பங்குதாரரிடம் திரும்பி வரும். ஆகவே வளர்ச்சி இறங்கும்போது, லாபத்தில் டிவிடெண்டாகக் கொடுக்கும் சதவீதம் ஏற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதற்கான சூத்திரம் இது. இதில் payout என்பது அந்தச் சதவீதம், E5 என்பது ஐந்தாம் வருட லாபம்:

```
payout = 1 - g / ROE
P5 = E5 * (1 + g) * (1 - g/ROE) / (r - g)
```

இப்படி எழுதிவிட்டால் டிவிடெண்ட் விகிதத்தைத் தனியாக ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. வளர்ச்சியையும் ஆர்.ஓ.இ.-யையும் மட்டும் யோசித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சில கம்பெனிகள் வளர்ச்சி நின்ற பிறகும் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அல்லது சம்பந்தமில்லாத தொழிலில் போடும். அப்படிப்பட்ட நிர்வாகம் என்று உங்களுக்குத் தெரிந்தால், குறைந்த டிவிடெண்ட் விகிதத்தை வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதைத் தெரிந்து வைக்க வேண்டும், கவனிக்காமல் வைக்கக் கூடாது.

நிலையான கட்டத்துக்கு 6% என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? 8%, 9% வைத்தால் என்ன?

நான் வைக்கும் மேல் வரம்பு அரசு கடன் பத்திரத்தின் 10 வருட வட்டி. இந்தியாவில் அது சமீப வருடங்களில் பெரும்பாலும் 6 முதல் 7.5 சதவீதத்துக்குள் இருந்து வருகிறது. நீண்ட காலத்தில் பணவீக்கத்தையும் சேர்த்த பொருளாதார வளர்ச்சியும் இந்த வட்டியும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகிப் போகாது என்பது இதன் பின்னால் உள்ள யோசனை. இந்தியாவின் ஜி.டி.பி. இதைவிட வேகமாக வளர்கிறதே என்று கேட்பீர்கள். இன்றைக்கு வளர்கிறது. ஆனால் இந்தச் சூத்திரம் கேட்பது இன்னும் 50, 100 வருடங்களின் சராசரியை.

இன்னொன்று, எதிர்பார்க்கும் வருமானத்தை ரூபாயில் பணவீக்கம் சேர்த்து வைத்திருக்கிறோம். அதனால் வளர்ச்சியும் பணவீக்கம் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். ஒன்றில் சேர்த்து இன்னொன்றில் விட்டால் கணக்கு கெட்டுவிடும்.

நிலையான வளர்ச்சியை ஒரு சதவீதம் கூட்டினால் மதிப்பு எகிறுகிறதே, அது சரியா?

டிவிடெண்ட் விகிதத்தைத் தொடாமல் வளர்ச்சியை மட்டும் கூட்டினால் எகிறத்தான் செய்யும். நம் உதாரணத்தில் 60% டிவிடெண்டை அப்படியே விட்டு 6%-ஐ 7% ஆக்கினால், 357 ரூபாய் 421 ஆகிறது. ஆனால் கூடுதல் வளர்ச்சி இலவசமாக வருவதில்லை. 15% சம்பாதிக்கும் கம்பெனி 7% வளர வேண்டுமென்றால் லாபத்தில் 46.67%-ஐ உள்ளே போட வேண்டும், டிவிடெண்ட் 53.33% ஆகிவிடும். அப்படிப் போட்டால் மதிப்பு 380 ரூபாய். மீதி 41 ரூபாய் கணக்குப் பிழையில் முளைத்த மதிப்பு.

இதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். புதிய முதலீட்டுக்கு 15%-க்குப் பதில் சரியாக 12%தான் கிடைக்கிறது, அதாவது நாம் கேட்கும் அதே வருமானம் என்று வைப்போம். அப்போது 6% வளர்ச்சிக்கு லாபத்தில் பாதி போய்விடும், ஆறாம் வருட டிவிடெண்ட் 26.65 ரூபாய். 6%-ஆல் வகுத்தால் 444. ஆறாம் வருட லாபமான 53.30-ஐ நேரடியாக 12%-ஆல் வகுத்தாலும் அதே 444! வளர்ச்சிக்காகப் போட்ட பணமும் வளர்ச்சியால் வந்த பணமும் சரிக்குச் சரியாகிவிட்டன. போட்ட பணத்துக்கு, நாம் கேட்பதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் மட்டுமே வளர்ச்சிக்கு மதிப்பு உண்டு.

என்னைக் கேட்டால், இந்த மாடலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய எண் இந்த நீண்டகால ஆர்.ஓ.இ.தான். பெரும்பாலோர் வளர்ச்சியைப் பற்றியே விவாதிக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் பிராண்ட், உரிமம், விநியோக வலை போன்றவை 10 வருடம் கழித்தும் போட்டியைத் தள்ளி நிறுத்துமா என்று யோசித்தால் 15% வைப்பதா, 12% வைப்பதா என்பது தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் 12% வையுங்கள். நம் கம்பெனிக்கு அப்போது 306 ரூபாய் வரும்.

356 ரூபாயில் 302 ரூபாய் ஐந்து வருடத்துக்கு அப்பால் இருந்து வருகிறது. அப்புறம் இது வெறும் ஊகம்தானே?

85% தூரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பங்கு என்றாலே அப்படித்தான். ஐந்து வருடம் டிவிடெண்ட் வாங்கிவிட்டு ஐந்தாம் வருட முடிவில் விற்றால், உங்கள் பணத்தின் பெரும்பகுதி விற்கும் விலையில்தான் வரும். மாடல் அதை மறைக்காமல் காட்டுகிறது.

ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, எதிர்பார்க்கும் வருமானத்தை இரண்டு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். 11% என்றால் 435 ரூபாய், 13% என்றால் 301 ரூபாய். இந்த வீச்சைப் பார்த்தபின் "மதிப்பு 356 ரூபாய் 60 பைசா" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பங்கு 250-ல் கிடைத்தால் யோசிக்கலாம், 330-ல் கிடைத்தால் இந்தக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஐந்தாம் வருட மதிப்பைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. 533-ஐ அந்த வருட லாபம் 50.28-ஆல் வகுத்தால் பி.இ. 10.6. நிதானமாக வளரும் கம்பெனிக்கு நம்பக்கூடிய எண். இதுவே 35, 40 என்று வந்தால் வளர்ச்சியும் எதிர்பார்க்கும் வருமானமும் ரொம்ப நெருங்கிவிட்டன என்று அர்த்தம்.

எதிர்பார்க்கும் வருமானம் 12% எங்கிருந்து வந்தது?

அரசு பத்திர வட்டி சுமார் 7%, பங்குச் சந்தை ரிஸ்க்குக்கு மேலே 5%, பீட்டா 1 என்று வைத்துக்கொண்டேன். கம்பெனி சந்தையைவிட அதிகம் ஆடுகிறது என்றால் பீட்டாவை ஏற்றுங்கள்.

தொடங்கும் டிவிடெண்டாக எதை எடுப்பது? இடைக்கால டிவிடெண்ட், இறுதி டிவிடெண்ட், ஸ்பெஷல் என்று பல வருகிறதே.

ஒரு நிதியாண்டுக்கான இடைக்காலமும் இறுதியும் சேர்ந்து வர வேண்டும், ஸ்பெஷல் வரக் கூடாது. ஐ.டி.சி.யைப் பாருங்கள். 2022-23 நிதியாண்டுக்கு இடைக்காலமாக 6 ரூபாய், இறுதியாக 6.75, அதோடு ஸ்பெஷலாக 2.75, ஆக மொத்தம் 15.50 ரூபாய். அடுத்த வருடம் 6.25, 7.50 சேர்த்து 13.75 ரூபாய். மொத்தத்தை வைத்துப் பார்த்தால் டிவிடெண்ட் 11% சரிந்த மாதிரி தெரியும். ஸ்பெஷலைக் கழித்தால் 12.75-லிருந்து 13.75, கிட்டத்தட்ட 8% உயர்வு. 15.50-ஐத் தொடக்கமாக வைத்து அதன் மேல் வளர்ச்சியைப் போட்டிருந்தால், ஒரு முறை மட்டும் வந்த 2.75 ரூபாய் எல்லா வருடத்துக்கும் வளர்ந்துகொண்டே போயிருக்கும்.

செய்தியில் "750% டிவிடெண்ட்" என்று வந்தால் அது முகமதிப்பின் மீது. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் 7.50 ரூபாய், 10 ரூபாய் என்றால் 75 ரூபாய். போனஸ் பங்கோ பங்குப் பிரிப்போ நடந்திருந்தால் பழைய டிவிடெண்டுகளையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கடந்தகால வளர்ச்சி தப்பாகத் தெரியும்.

எக்செல்லில் போடும்போது விடை கொஞ்சம் மாறி வருகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் இரண்டு இடத்தில். டிவிடெண்டுகள் B2 முதல் F2 வரை, 533.01 என்பது F3-ல் இருந்தால் இப்படி எழுத வேண்டும்:

```
=NPV(12%, B2:F2) + F3/1.12^5
```

`NPV` முதல் செல்லை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே கொடுத்து முடித்த 10 ரூபாயை அதில் சேர்த்தால் எல்லாமே ஒரு வருடம் தள்ளிப் போய்விடும்.

இரண்டாவது, ஆறாம் வருட டிவிடெண்டை வைத்துக் கணக்கிட்டதால் 533-ஐ ஆறு வருடத்துக்குக் கழிப்பது. கார்டன் சூத்திரம் எப்போதும் முதல் டிவிடெண்டுக்கு ஒரு வருடம் முந்தைய மதிப்பைத் தரும். எனவே 533 ஐந்தாம் வருட முடிவின் மதிப்பு. ஆறு வருடம் கழித்தால் 302-க்குப் பதில் 270 வரும்.

15% வளர்ந்த கம்பெனி ஒரே வருடத்தில் 6%-க்கு இறங்குமா?

இறங்காது, பெரும்பாலும் படிப்படியாகத்தான் இறங்கும். காப்புரிமை முடிவது, நீண்டகால ஒப்பந்தம் முடிவது போன்ற காரணம் இருந்தால்தான் திடீர் இறக்கம் பொருந்தும். படிப்படியாக இறங்குவதற்கென்றே ஃபுல்லர், சியா இருவரும் 1984-ல் எச் மாடல் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அது கையாலேயே போடலாம், ஆனால் அதில் டிவிடெண்ட் விகிதம் மாற இடமில்லை. மேலே பார்த்த 100 ரூபாய் தவறு அதில் திரும்பி வந்துவிடும். அதனால் நான் இடையில் 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதம் வரை இறங்கும் நாலைந்து வருடங்களைச் சேர்த்து, ஒவ்வொரு வருடத்துக்கும் டிவிடெண்ட் விகிதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் போடுகிறேன்.

எந்தக் கம்பெனிக்கு இதைப் போடக் கூடாது?

டிவிடெண்டே கொடுக்காத கம்பெனிக்கும், கொடுக்க முடிந்ததைவிட ரொம்பக் குறைவாகக் கொடுக்கும் கம்பெனிக்கும். பங்குகளைத் திரும்ப வாங்கும் கம்பெனியிலும் கவனம் வேண்டும். டி.சி.எஸ். 2017-ல் 16,000 கோடி ரூபாய்க்கு பைபேக் செய்தது, 2023-ல் 17,000 கோடிக்குச் செய்தது. அந்தப் பணமும் பங்குதாரருக்குத்தான் போனது, ஆனால் டிவிடெண்ட் வரிசையில் தெரியாது. பல வருட பைபேக்கைச் சராசரியாக்கி டிவிடெண்டோடு சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தால் பங்கு எண்ணிக்கை குறைவதால் ஒரு பங்கு லாபத்தில் வரும் உயர்வை வளர்ச்சியில் மறுபடியும் சேர்க்கக் கூடாது. கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுக்கிறார்களா என்பதையும் பணப்புழக்க அறிக்கையில் பார்த்துவிடுங்கள்.

என் கணக்கில் 357 வருகிறது, சந்தையில் 480-க்கு விற்கிறது. கணக்கு தப்பா, சந்தை தப்பா?

அதற்கு முன் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 480 சரியான விலை என்றால் எது நடந்தாக வேண்டும்? மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டு, 15% வளர்ச்சி எத்தனை வருடம் நீடிக்கிறது என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். 10 வருடம் வைத்தால் 461 ரூபாய், 11 வருடம் வைத்தால் 484. ஆக, சந்தை கிட்டத்தட்ட 11 வருட வேகமான வளர்ச்சியை விலையில் வைத்திருக்கிறது.

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. 11 வருடம் 15% என்றால் லாபம் இன்றையதைப் போல் 4.65 மடங்கு ஆக வேண்டும், அதுவரை புதிதாகப் போடும் ஒவ்வொரு ரூபாயும் 25% சம்பாதிக்க வேண்டும். அந்தத் தொழிலின் மொத்தச் சந்தை இன்று எவ்வளவு பெரியது, அதில் இந்தக் கம்பெனியின் பங்கு ஏற்கெனவே எத்தனை சதவீதம் என்று எடுத்துப் பாருங்கள். 40% சந்தையைக் கையில் வைத்திருக்கும் கம்பெனியின் விற்பனையும் லாபத்தோடு சேர்ந்து 4.65 மடங்காக வேண்டுமென்றால், போட்டியாளர்கள் அத்தனை பேரையும் விழுங்கினாலும் 2.5 மடங்குதான் வரும். மீதியைத் தர மொத்தச் சந்தையே இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட வளர்ந்திருக்க வேண்டும். 5% சந்தை மட்டும் வைத்திருக்கும் கம்பெனிக்கு அதே 4.65 மடங்கு என்பது 23% சந்தை. 480 கொடுக்கலாமா என்பதற்கான பதில், உங்கள் கம்பெனி இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.